பிவி அட்டவணையில் எந்த வரி? 3 முதல் 7-ஆம் ஆண்டு வரை வரும் வரவுக்கு ஆளுக்கொரு விடை

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 4, இரவு 9.12

நேற்றைய தேர்வில் வந்த கணக்கு இது. கால்குலேட்டர் அனுமதி இல்லை. வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு அட்டவணை கொடுத்திருந்தார்கள். ஒன்று தனித் தொகைக்கான தற்போதைய மதிப்பு, இன்னொன்று ஆண்டுத்தொகைக்கானது. இரண்டிலும் மூன்று தசம இலக்கம்.

ஓர் இயந்திரத்துக்கு இன்று 1,50,000 செலவு. முதல் இரண்டு ஆண்டுகள் வரவே இல்லை. 3-ஆம் ஆண்டு முதல் 7-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 50,000. தள்ளுபடி வீதம் 10%. வாங்கலாமா வேண்டாமா?

ஐந்து வரவு என்பதால் ஆண்டுத்தொகை அட்டவணையில் 5-ஆம் வரியைப் பார்த்தேன்: 3.791. வரவு 3-ஆம் ஆண்டில்தானே தொடங்குகிறது என்று தனித் தொகை அட்டவணையில் 3-ஆம் வரியை எடுத்தேன்: 0.751. பெருக்கினால் 2.847. ஐம்பதாயிரத்தால் பெருக்கி 1,42,350. செலவைவிடக் குறைவு, அதனால் வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்தேன். பக்கத்து இருக்கை நண்பன் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறான். அட்டவணையை நான் தப்பாகப் பார்க்கவில்லை, இரண்டு எண்ணும் சரியான கட்டத்தில் உள்ளவைதான். பிறகு எப்படி?

கடைசி வரிசை | ஜூன் 4, இரவு 9.40

பெருக்கவே வேண்டாம், கழித்தால் போதும். 7-ஆம் வரியில் 4.868. அதிலிருந்து 3-ஆம் வரியின் 2.487-ஐக் கழி. 2.381. எங்கள் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1,19,050 வருகிறது, நீ எழுதியதைவிட இன்னும் மோசம். ஆக உன் முடிவு சரி, நண்பன்தான் தப்பு.

எக்செல் பிரியர் | ஜூன் 4, இரவு 10.05

இதற்கெல்லாம் எதற்கு அட்டவணை? ஒரு கட்டத்தில் இதைப் போட்டால் முடிந்தது:

```
=PV(10%,5,-50000)
```

1,89,539 வருகிறது. 1,50,000-ஐவிட நிறையவே அதிகம். தாராளமாக வாங்கலாம்.

பேரேடு | ஜூன் 4, இரவு 11.20

மூன்று பேர், மூன்று விடை, மூன்றும் தவறு. கடைசி வரிசை தம்பி சொன்ன கழித்தல் முறை நல்ல முறைதான், கழித்த வரிதான் ஒன்று தள்ளிப்போய்விட்டது. நண்பரின் முடிவு சரி.

ஆண்டுத்தொகை அட்டவணைக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் வரவு வருவதற்குச் சரியாக ஓர் ஆண்டு முன்னால் நின்றுகொண்டுதான் அது மதிப்புச் சொல்லும். முதல் வரவு 1-ஆம் ஆண்டு முடிவில் என்றால், ஓர் ஆண்டு முன்பு என்பது இன்று. அதனால்தான் வழக்கமான கணக்குகளில் இந்தப் பழக்கம் நம் கண்ணில் படுவதே இல்லை. இங்கே முதல் வரவு 3-ஆம் ஆண்டு முடிவில். ஓர் ஆண்டு முன்பு என்றால் 2-ஆம் ஆண்டு முடிவு. ஆக 3.791 என்பது 2-ஆம் ஆண்டு முடிவில் நிற்கும் மதிப்பு. அதை இன்றைக்குக் கொண்டுவர இரண்டு ஆண்டு தள்ளுபடி செய்தால் போதும்: 2-ஆம் வரி, 0.826. பெருக்கினால் 3.131. செமஸ்டர் தம்பி ஓர் ஆண்டு கூடுதலாகத் தள்ளுபடி செய்துவிட்டார்.

கழித்தலிலும் இதே ஒரு வரிதான் சிக்கல். 4.868-க்குள் 1 முதல் 7 வரை ஏழு ஆண்டுகளும் இருக்கின்றன. வராத ஆண்டுகளை நீக்க வேண்டும். வராதவை 1-ம் 2-ம். ஆகவே நீக்க வேண்டியது 2-ஆம் வரியின் 1.736. மீதி 3.132. தம்பி 3-ஆம் வரியைக் கழித்ததில், வருகிற ஓர் ஆண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட்டார்.

50,000 × 3.132 = 1,56,600. செலவு போக 6,600 மிச்சம். வாங்கலாம்.

எக்செல் பிரியர், கால்குலேட்டரே இல்லாத தேர்வு இது. ஆனால் உங்கள் விடையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தச் சூத்திரத்துக்கும் இதே பழக்கம்தான். அதுவும் 2-ஆம் ஆண்டு முடிவில் நின்றுகொண்டுதான் 1,89,539 என்கிறது. இரண்டு ஆண்டு பின்னுக்கு இழுக்காமல் விட்டதுதான் உங்கள் பிழை.

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 5, காலை 6.55

புரிந்தது சார். ஆனால் ஒன்று உறுத்துகிறது. பெருக்கினால் 3.131, கழித்தால் 3.132. ஒரே அட்டவணை, ஒரே கணக்கு, இரண்டு விடை எப்படி? நண்பன் 6,550 என்று எழுதியிருக்கிறானாம். அவனுக்கு மதிப்பெண் போகுமா?

பேரேடு | ஜூன் 5, காலை 7.30

அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் மூன்றாம் இலக்கத்தில் நறுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 0.0005 வரை கூடுதலோ குறைவோ இருக்கலாம். இரண்டு நறுக்கிய எண்களைப் பெருக்கும்போது அந்தத் துண்டுகளும் சேர்ந்து பெருகும். நறுக்காமல் போட்டால் 3.13288 வருகிறது, அதாவது இரண்டு விடையுமே கொஞ்சம் கீழே. உண்மையான மிச்சம் சுமார் 6,644.

நான் பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன். எந்த அட்டவணையிலிருந்து எந்த எண் எடுக்கப்பட்டது என்று தாளில் தெரிந்தால், 6,550-க்கும் 6,600-க்கும் முழு மதிப்பெண்தான் போட்டேன். எண்ணைக் காட்டாமல் 1,56,550 என்று மொட்டையாக எழுதினால் அது நறுக்கல் வித்தியாசமா கூட்டல் பிழையா என்று திருத்துபவருக்குத் தெரியாது.

மாலை வகுப்பு | ஜூன் 5, மதியம் 1.10

எல்லோரும் அப்படித் திருத்துவதில்லை சார். நான் எழுதிய ஒரு தேர்வில், விடைக்குறிப்பில் இருந்த எண்ணோடு 20 வித்தியாசம் என்பதற்காக ஒரு மதிப்பெண் குறைத்தார்கள். மேல்முறையீடு செய்தும் மாற்றவில்லை. வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து படித்து எழுதியது. இன்னும் ஆறவில்லை.

பேரேடு | ஜூன் 5, மாலை 6.15

அது தவறு மேடம். அட்டவணையைக் கொடுத்தவர்களே அதன் நறுக்கலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் என்னைப் போலத் திருத்துவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வரிசை | ஜூன் 5, இரவு 8.45

சரி, நான் கழித்த வரி தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு அறையில் உங்களைக் கேட்க முடியாதே. 2.381 தப்பு என்று எனக்கு அங்கேயே எப்படித் தெரிந்திருக்கும்? ஐந்து வரியையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பேரேடு | ஜூன் 5, இரவு 11.50

நல்ல கேள்வி. நான் வகுப்பில் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான்.

முதலில் இரண்டு ஓரங்கள். ஐந்து வரவில் சீக்கிரம் வருவது 3-ஆம் ஆண்டில், காரணி 0.751. கடைசியாக வருவது 7-ஆம் ஆண்டில், காரணி 0.513. ஐந்துமே 3-ஆம் ஆண்டில் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால்கூடக் கூட்டுத்தொகை 5 × 0.751 = 3.755-ஐத் தாண்டாது. ஐந்துமே 7-ஆம் ஆண்டில்தான் வந்தது என்றாலும் 5 × 0.513 = 2.565-க்குக் கீழே போகாது. உங்கள் 2.381 அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. எக்செல் பிரியரின் 3.791 மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது. இரண்டையும் அந்த இடத்திலேயே அடித்துவிடலாம்.

செமஸ்டர் தம்பியின் 2.847 மட்டும் இந்த வலையில் சிக்காது, எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்கு நடு வரி. 3 முதல் 7 வரையில் நடுவில் இருப்பது 5. அதன் காரணி 0.621. ஐந்தால் பெருக்கினால் 3.105. சரியான விடை எப்போதும் இந்த நடு வரிக் கணக்கைவிடக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், கீழே போகாது. காரணம் அந்தப் பத்தியிலேயே தெரியும்: 0.751, 0.683, 0.621, 0.564, 0.513 என்று இறங்கும்போது முதலில் 0.068, பிறகு 0.062, அப்புறம் 0.057, கடைசியில் 0.051. இறக்கம் வரவரச் சிறுக்கிறது. நடுவிலிருந்து மேலே போனால் கிடைக்கும் லாபம், கீழே போனால் வரும் நட்டத்தைவிடப் பெரிது. ஆக 3.105-ஐவிடக் கொஞ்சம் கூட, 3.13 பக்கம் இருக்க வேண்டும். 2.847 கீழே இருக்கிறது, எனவே எங்கேயோ ஓர் ஆண்டு கூடுதலாகத் தள்ளுபடி ஆகியிருக்கிறது.

ஒரே ஒரு பெருக்கல். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலில் போட்டால் போதும்.

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 6, காலை 7.05

இது மூன்று நாள் முன்பே தெரிந்திருந்தால்! 5 × 0.621 பத்து விநாடி வேலை.

மாலை வகுப்பு | ஜூன் 6, இரவு 9.30

என் கணக்கையும் கேட்டுவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 20,000 வருகிறது. வீதம் ஆண்டுக்கு 12%. ஆறு மாதம் என்பதால் வீதத்தைப் பாதியாக்கி 6% பத்திக்குப் போனேன். மூன்று ஆண்டு என்பதால் 3-ஆம் வரி, 2.673. விடை 53,460. விடைக்குறிப்பில் 98,340 என்று இருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் ஓரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

பேரேடு | ஜூன் 6, இரவு 10.40

போட்டுப் பார்த்தீர்களே, அது போதும். மொத்தம் வருவது 1,20,000. எல்லாமே 3-ஆம் ஆண்டு முடிவில்தான் வந்தது என்று வைத்தாலும் 12% பத்தியில் 0.712, அதாவது 85,440. அதற்குக் கீழே விடை போகவே முடியாது. 53,460 சாத்தியமே இல்லை.

நடந்தது இதுதான்: பத்தியை ஆறு மாதக் கணக்குக்கு மாற்றினீர்கள், வரியை மாற்றவில்லை. அட்டவணையின் இடப்பக்கம் இருக்கும் 1, 2, 3 என்பவை ஆண்டுகளே அல்ல, காலக்கட்டங்கள். பத்தி ஆறு மாத வீதம் என்றால் வரியும் ஆறு மாதங்களை எண்ண வேண்டும். மூன்று ஆண்டு என்றால் ஆறு வரி. 6% பத்தி, 6-ஆம் வரி, 4.917. இருபதாயிரத்தால் பெருக்கினால் 98,340. விடைக்குறிப்பு சரி.

ஒன்பதாம் வாய்ப்பாடு | ஜூன் 7, காலை 10.20

இழையை இப்போதுதான் படித்தேன். பேரேடு சார் மேடத்துக்குச் சொன்னதில் ஓர் இடறல் இருக்கிறது. 12% என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி போடும் பெயரளவு வீதம் என்றால்தான் பாதி 6%. அதுவே ஆண்டின் முழு விளைவு 12% என்றால், ஆறு மாத வீதம் 6% ஆகாது. 6%-ஐ இரண்டு முறை கூட்டுவட்டி போட்டால் 12.36% ஆகிவிடுமே.

பேரேடு | ஜூன் 7, மதியம் 12.15

உண்மை. நேற்று அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். விளைவு வீதம் என்றால் ஆறு மாதக் காரணி 0.893-இன் வர்க்கமூலம். 0.945 × 0.945 போட்டுப் பாருங்கள், 0.893 வருகிறது. ஆக முதல் ஆறு மாதத்துக்கு 0.945. ஒன்றரை ஆண்டுக்கு 0.893 × 0.945 = 0.844. முழு ஆண்டுகளுக்கு வழக்கம்போல 12% பத்தி. இந்த வழியில் விடை 98,340-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

மேடத்தின் விடைக்குறிப்பு 6% பத்தியை எடுத்திருப்பதால், கேள்வி எழுதியவர் பெயரளவு வீதத்தையே நினைத்திருக்கிறார். ஆனால் கேள்வியில் வெறுமனே 'ஆண்டுக்கு 12%' என்று மட்டும் இருந்தால் இரண்டு வாசிப்புக்கும் இடம் உண்டு.

மாலை வகுப்பு | ஜூன் 7, இரவு 8.50

கேள்வியில் 'ஆண்டுக்கு 12%' என்று மட்டும்தான் சார் இருக்கிறது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஒன்பதாம் வாய்ப்பாடு | ஜூன் 7, இரவு 9.25

அப்படியானால் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுவதுதான் வழி. நான் விளைவு வீதமாகத்தான் எடுப்பேன். பேரேடு சார் 6% எடுப்பார். இதில் நானும் அவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

கடைசி வரிசை | ஜூன் 8, மாலை 5.30

வேறொரு சந்தேகம். வீதம் 12.5% என்று வந்தால்? என்னிடம் இருக்கும் அட்டவணையில் 10-க்கு அடுத்து 12, அப்புறம் 15. நான் 12-க்கும் 15-க்கும் நடுவில் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடுவேன்.

ஒன்பதாம் வாய்ப்பாடு | ஜூன் 8, மாலை 6.10

இதற்காகத்தான் இந்தப் பெயரே வைத்துக்கொண்டேன்! 12.5% என்றால் 1.125. அது எட்டில் ஒன்பது பங்கு, 9/8. அதன் தலைகீழ் 8/9. ஆக 12.5%-க்கு அட்டவணையே வேண்டாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் எட்டால் பெருக்கி ஒன்பதால் வகுத்துக்கொண்டே போனால் போதும். 0.889, 0.790, 0.702, 0.624, 0.555. ஐந்து ஆண்டு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

25% வந்தால் இன்னும் சுலபம், 4/5. ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.8-ஆல் பெருக்கல்: 0.800, 0.640, 0.512. 20% பத்தியோடு நின்றுவிடும் அட்டவணைகளில் இது கைகொடுக்கும்.

பேரேடு | ஜூன் 8, இரவு 10.30

அழகு. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிப் பின்னமாக அமையாத வீதத்துக்கு இடைச்செருகல்தான். ஆனால் குத்துமதிப்பு வேண்டாம். பக்கத்துப் பத்திகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. 12-ம் 13-ம் இருக்கும் அட்டவணையில் 5-ஆம் வரி 0.567, 0.543. நடு 0.555. வாய்ப்பாடு சொன்ன எண்ணே வந்துவிட்டது. இருப்பது 10-ம் 15-ம் மட்டும் என்றால் 0.621, 0.497, நடு 0.559. 0.004 கூடுதல். 50,000-க்கு 200 பிழை.

பிழை எப்போதும் கூடுதல் பக்கம்தான் விழும், அதைக் கவனியுங்கள். வரி வரியாக இறங்கும்போது இறக்கம் சிறுத்ததுபோல, பத்தி பத்தியாக நகரும்போதும் சிறுக்கிறது. காரணிகள் தொய்ந்த கயிறுபோல வளைந்திருக்க, நாம் இரண்டு முனைக்கும் நடுவே இறுக்கி நேர்க்கோடு போடுகிறோம். கோடு எப்போதும் கயிற்றுக்கு மேலேதான்.

எக்செல் பிரியர் | ஜூன் 9, காலை 9.00

உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தேன். 3.132 வந்துவிட்டது. எனக்குப் பழகியது திரைதான், ஆனால் 0-வது வரி ஏன் அட்டவணையில் இல்லை என்று இப்போதுதான் புரிந்தது. இன்றைய 1,50,000-க்குக் காரணி 1, அதற்கு எதற்கு ஒரு வரி!

இன்னொன்று. என் பையனின் புத்தகத்தில் இரண்டு அட்டவணையும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒரே மாதிரி எழுத்து, தலைப்பு மட்டும் பொடியாக. முதல் வரியைப் பார்த்தேன், இரண்டிலும் 10%-க்கு 0.909. ஒன்றையே இரண்டு முறை அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

பேரேடு | ஜூன் 9, காலை 9.45

ஓர் ஆண்டு, ஒரே வரவு என்றால் இரண்டும் ஒன்றுதானே, அதனால்தான் முதல் வரி ஒன்றுபோல இருக்கிறது. எந்த அட்டவணை என்று பார்க்க எப்போதும் 2-ஆம் வரிக்கு இறங்குங்கள். 0.826 என்றால் தனித் தொகை. 1.736 என்றால் ஆண்டுத்தொகை. முதல் வரியே 1.100 என்று இருந்தால் அது கூட்டுவட்டி அட்டவணை, இந்தக் கணக்குக்கு ஆகாது.

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 10, இரவு 9.00

சார், முதலில் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கணக்குக்கு 'ஆ' பிரிவு ஒன்று இருந்தது: ஐஆர்ஆர் காண்க. 'அ' பிரிவே எதிர்மறையாக வந்ததால் 10%-க்குக் கீழே தேடி, 8% பத்தியோடு மல்லுக்கட்டி, பாதியில் விட்டுவிட்டேன். சரியாகப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்?

கடைசி வரிசை | ஜூன் 10, இரவு 10.10

இந்த முறை நான் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று நம்புகிறேன். 12% பத்தியில் 4.564-இல் 1.690 போனால் 2.874. 1,43,700. ஆக −6,300. 10%-இல் +6,600. நடுவே நேர்க்கோடு போட்டால் 11.02%.

பேரேடு | ஜூன் 10, இரவு 11.35

இந்த முறை வரி சரி, வழியும் சரி. நீங்கள் போட்டதும் நேர்க்கோடு என்பதால் இதுவும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். 10-க்கும் 15-க்கும் இடையில் போட்டிருந்தால் 11.10 வந்திருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை அமைத்தவர் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார். 1,50,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் 3. அதாவது 7-ஆம் வரிக்கும் 2-ஆம் வரிக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பத்தியில் 3.000 ஆகிறது என்று தேடினால் போதும். ஐம்பதாயிரத்தால் பெருக்கவே வேண்டாம். 10%-இல் 3.132. 11%-இல் 4.712-இல் 1.713 போனால் 2.999. நின்றுவிடலாம். விடை 11%.

ஒன்பதாம் வாய்ப்பாடு | ஜூன் 11, காலை 7.40

2.999 என்றால் 11%-இல் நிகர மதிப்பு −50. சரி. ஆனால் அதே 11% பத்தியில் ஐந்து காரணிகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தேன். 0.731, 0.659, 0.593, 0.535, 0.482. கூட்டுத்தொகை சரியாக 3.000. நிகர மதிப்பு பூஜ்யம். அட்டவணை ஒன்று, வீதம் ஒன்று. ஒரு வழியில் 11%-க்குக் கீழே, இன்னொரு வழியில் மிகச் சரியாக 11%. இப்போது என்ன சொல்வீர்கள்?

பேரேடு | ஜூன் 11, காலை 8.25

ஆறு இலக்கம் வரை கையால் போட்டுப் பார்த்தேன். காரணி 2.99967, நிகர மதிப்பு சுமார் −16. இரண்டு எண்களைக் கழிக்கும்போது நறுக்கல் பிழை 0.001 வரை, ஐம்பதாயிரத்துக்கு 50 வரை போகலாம். ஐந்து எண்களைக் கூட்டும்போது 125 வரை போகலாம். −16 அதற்குள் மூழ்கிவிடுகிறது. மூன்று இலக்க அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே பூஜ்யத்துக்கு மேலேயா கீழேயா என்று சொல்லவே முடியாது. 11% என்று எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 11, காலை 8.40

ஆனால் 'இ' பிரிவில், தள்ளுபடி வீதம் 11% ஆக உயர்ந்தால் வாங்கலாமா என்று கேட்டிருந்தார்கள் சார்.

மாலை வகுப்பு | ஜூன் 11, காலை 8.52

கழித்துப் பார்த்தவர் வேண்டாம் என்று எழுதுவார், கூட்டிப் பார்த்தவர் ஏற்கலாம் என்று எழுதுவார். விடைக்குறிப்பில் எது இருக்கும்? எனக்கு அந்த ஒரு மதிப்பெண் ஞாபகம்தான் வருகிறது.

பேரேடு | ஜூன் 11, இரவு 10.15

நாள் முழுக்க யோசித்தேன். நான் திருத்தியிருந்தால், காரணிகளைக் காட்டிவிட்டு 'ஏறத்தாழ பூஜ்யம், லாபமும் இல்லை நட்டமும் இல்லை' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். −50 என்று காட்டி வேண்டாம் என்றவருக்கும் முழு மதிப்பெண். பூஜ்யம் என்று காட்டி ஏற்கலாம் என்றவருக்கும் அப்படியே. செமஸ்டர் தம்பி, நீங்கள் 'இ' பிரிவில் என்ன எழுதினீர்கள்?

மூன்றாம் செமஸ்டர் | ஜூன் 11, இரவு 10.31

10%-லேயே வேண்டாம் என்பதால் 11%-லும் வேண்டாம் என்று எழுதினேன் சார். முடிவு சரி, காரணம்தான் தப்பு.

பேரேடு | ஜூன் 11, இரவு 10.44

'அ'-இல் செய்த பிழைக்கு அங்கேயே மதிப்பெண் போய்விட்டது. அதை வைத்து 'இ'-இல் நீங்கள் எடுத்த முடிவு முரண்படவில்லை. நான் போட்டிருப்பேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.